இரவு ஒன்பது மணிப் பட்டை

மதுரையில் வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் ஒரு பெண்ணின் இன்ஸ்டாகிராம் கணக்கில் 240 ஃபாலோயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்சைட்ஸ் பகுதியில், எந்த நேரத்தில் எத்தனை ஃபாலோயர்கள் ஆக்டிவாக இருக்கிறார்கள் என்பதைப் பட்டைகளாகப் பார்க்கலாம். மாலை 6 மணிக்கு 88 பேர், இரவு 9 மணிக்கு 96 பேர் என்று இருந்தால், மாலையிலேயே எடுத்துவிட்ட அதிரசப் படத்தை அவர் ஒன்பது மணி வரை போடாமல் வைத்திருப்பார்.

அந்தக் காத்திருப்புக்கு என்ன கிடைக்கும்? இரண்டு பட்டைகளுக்கும் இடையே எட்டுப் பேர்தான் வித்தியாசம். நாலில் ஒருவர் கண்ணில் படம் பட்டால் இரண்டு பேர். பார்ப்பவர்களில் பத்துக்கு ஒருவர் லைக் போட்டால், ஐந்து முறை காத்திருந்தால் ஒரு லைக் கூடும். அதுவும் உறுதியில்லை. அந்தப் பட்டை, ஃபாலோயர்கள் இன்ஸ்டாகிராமுக்குள் இருந்ததைத்தான் எண்ணுகிறது. இவருடைய பதிவைப் பார்த்ததை அல்ல. ஒன்பது மணிக்கு மற்றவர்களும்தான் கடை விரித்திருப்பார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 2016இல் இன்ஸ்டாகிராம் நேர வரிசையை விட்டுவிட்டு, ஒருவருக்கு எது பிடிக்கும் என்று கணித்து வரிசைப்படுத்தத் தொடங்கியது. காலையில் போட்ட படம் ஒருவருக்கு ராத்திரியிலும் மேலே வந்து நிற்கலாம்.

பழைய பதிவுகள் பெற்ற லைக், கமென்ட்டை வைத்து நேரம் சொல்லும் செயலிகள் வேறு ரகம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரக் கட்டங்கள். மாதம் 12 பதிவு போடுகிறவருக்கு 156 கட்டங்களாவது காலியாகவே கிடக்கும். செவ்வாய் இரவு 8 மணிக்குப் போட்ட பேத்தியின் காதுகுத்துப் படத்துக்கு லைக் குவிந்திருந்தால், செயலி ‘செவ்வாய் எட்டு மணி’ என்று சொல்லிவிடும். பேத்தியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? எப்போதும் இரவிலேயே போடுகிறவருக்குக் காலை நேரம் எப்படி இருக்கும் என்பதும் அதற்குத் தெரிய வழியில்லை.

பெரிய கணக்குகளில் இந்தக் கோணல்கள் ஓரளவு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சராசரியாக 20 லைக் வாங்கும் பதிவோ, எதையும் மாற்றாவிட்டாலும் ஒருநாள் 16, மறுநாள் 24 என்று ஆடும். நேரத்தைச் சோதிக்க விரும்புகிறவர் ஒரே மாதிரியான முறுக்குப் படங்களையே இரண்டு நேரங்களில் மாறி மாறிப் போட வேண்டும். நேரத்துக்குப் பத்துப் பதிவாவது தேவை. முதல் 24 மணி நேரத்தில் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதை வரிசையாக எழுதி, நடுவில் வரும் எண்ணை ஒப்பிடலாம். இரு நேரங்களின் எண்களும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால், வித்தியாசம் பிடிபடவில்லை என்று பொருள்.

யூடியூப் தன் உதவிப் பக்கத்திலேயே, வீடியோ வெளியிடும் நேரம் அதன் நீண்டகாலப் பார்வைகளை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்கிறது. நேரலைக்கு மட்டும் கணக்கு வேறு. ஆள் அப்போதே இருந்தாக வேண்டும். 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியும் ஓரளவு அப்படித்தான். ‘அஞ்சு மணிக்கு முறுக்கு ரெடி’ என்ற ஸ்டோரியை மதுரைப் பெண் இரவு ஒன்பதுக்குப் போட்டால், எத்தனை பேர் ஆக்டிவாக இருந்தாலும் அன்றைக்கு ஆர்டர் வராது.