ஒரே கடிகாரம், இரண்டு உச்சிப்பொழுதுகள்: திப்ரூகருக்கும் துவாரகைக்கும் இடையே 104 நிமிட வேறுபாடு ஏன்?

இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம்தான். அசாமின் திப்ரூகரில் கடிகாரம் பகல் 12 மணியைக் காட்டும்போது, குஜராத்தின் துவாரகையிலும் 12 மணிதான். ஆனால் அந்த நொடியில் திப்ரூகரில் சூரியன் உச்சியைக் கடந்து ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஆகியிருக்கும். துவாரகையில் சூரியன் உச்சிக்கு வர இன்னும் 54 நிமிடங்கள் இருக்கும். இந்த 104 நிமிட இடைவெளிதான், வடகிழக்கு மாநிலங்களுக்குத் தனி நேர மண்டலம் வேண்டும் என்று நீண்ட காலமாக எழுப்பப்பட்டு வரும் கோரிக்கையின் அடிப்படை.

உச்சிப்பொழுது என்றால் என்ன?

ஓர் ஊருக்கு நேர் வடக்கிலிருந்து நேர் தெற்காக வானில் ஒரு கோடு வரைந்ததாகக் கொள்வோம். சூரியன் அந்தக் கோட்டைக் கடக்கும் கணமே அந்த ஊரின் உச்சிப்பொழுது. அன்றைய நாளில் சூரியன் மிக உயரத்தில் இருப்பதும், நிழல் மிகக் குறுகியிருப்பதும் அப்போதுதான். சூரிய உதயத்திற்கும் மறைவுக்கும் சரிநடுவில் வருவதும் அதுவே. கடிகாரம் காட்டும் 12 மணி மனிதர்கள் வகுத்துக்கொண்டது. உச்சிப்பொழுதோ பூமியின் சுழற்சியால் அமைவது.

ஒரு பாகைக்கு 4 நிமிடங்கள்

பூமி 24 மணி நேரத்தில் சூரியனை நோக்கி ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை சுழல்கிறது. எனவே ஒரு மணி நேரத்திற்கு 15 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடங்கள். சுழற்சி மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி நிகழ்வதால், கிழக்கில் உள்ள ஊர்களே முதலில் சூரியனுக்கு நேராக வருகின்றன. இந்தியாவின் நடுப்பகுதியில் ஒரு பாகை தீர்க்கரேகை என்பது ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஆகவே, கிழக்கு நோக்கி 25 கிலோமீட்டர் சென்றால் உச்சிப்பொழுது சுமார் ஒரு நிமிடம் முந்திவிடும்.

இந்திய நிலையான நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே இந்தக் கோடு செல்கிறது. அங்கு மட்டுமே கடிகாரத்தின் 12 மணியும் சூரியனின் உச்சியும் ஏறக்குறைய ஒத்துப்போகும். திப்ரூகர் 94.9 பாகையில் உள்ளது. வேறுபாடு 12.4 பாகை, அதை நான்கால் பெருக்கினால் ஏறத்தாழ 50 நிமிடங்கள். எனவே அங்கு உச்சிப்பொழுது முற்பகல் 11.10 மணி. துவாரகை ஏறத்தாழ 69 பாகையில் உள்ளது. வேறுபாடு 13.5 பாகை; அதாவது 54 நிமிடங்கள். அங்கு உச்சிப்பொழுது பிற்பகல் 12.54 மணி. சென்னை 80.27 பாகையில் அமைந்திருப்பதால், அங்கு சூரியன் 12.09 மணியளவில் உச்சிக்கு வருகிறது.

இந்தக் கணக்கில் ஓர் ஊர் வடக்கில் உள்ளதா, தெற்கில் உள்ளதா என்பதற்கு இடமே இல்லை. மிர்சாபூருக்கும் ஆந்திரத்தின் காக்கிநாடாவுக்கும் இடையே சுமார் 900 கிலோமீட்டர் தொலைவு. ஆயினும் இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், உச்சிப்பொழுதுகள் ஒன்றரை நிமிடத்திற்கு மேல் வேறுபடுவதில்லை.

உதயத்தை வைத்து அளந்தால் ஏன் பிழையாகிறது?

கிழக்கு, மேற்கு வேறுபாட்டை உதய நேரங்களைக் கொண்டே பலரும் ஒப்பிடுகின்றனர். டிசம்பர் இறுதியில் திப்ரூகரில் காலை 6 மணியளவில் விடிந்து, மாலை 4.20 மணியளவில் சூரியன் மறைகிறது. துவாரகையில் உதயம் காலை 7.30 மணியளவிலும் மறைவு மாலை 6.15 மணியளவிலும் நிகழ்கின்றன. உதயங்களுக்கு இடையே சுமார் ஒன்றரை மணி நேரம். மறைவுகளுக்கு இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஜூன் மாதத்தில் இது தலைகீழாகிறது: உதய இடைவெளி கூடுகிறது, மறைவு இடைவெளி குறைகிறது.

திப்ரூகர் துவாரகையைவிட வடக்கே இருப்பதே இதற்குக் காரணம். வடக்கே செல்லச் செல்லக் குளிர்காலப் பகல் சுருங்கும். கோடைப் பகல் நீளும். அந்த மாற்றம் உதய, மறைவு நேரங்களில் கலந்துவிடுகிறது. உச்சிப்பொழுது பகலின் நடுவில் இருப்பதால் பகலின் நீளம் அதைப் பாதிப்பதில்லை. தீர்க்கரேகை வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது உச்சிப்பொழுது மட்டுமே.

ஆண்டு முழுவதும் ஒரே நேரமா?

இல்லை. பூமி சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது; அதன் அச்சும் சாய்ந்துள்ளது. இவ்விரு காரணங்களால், ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுது வரையிலான காலம் துல்லியமாக 24 மணி நேரமாக அமைவதில்லை. இந்தச் சிறு வேறுபாடுகள் நாள்தோறும் சேர்ந்து, பிப்ரவரி நடுவில் உச்சிப்பொழுதைச் சுமார் 14 நிமிடங்கள் தாமதப்படுத்துகின்றன. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடங்கள் முந்தச் செய்கின்றன. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாள்களையொட்டி இந்த வேறுபாடு இல்லாமல் போகிறது. மேலே கூறிய நேரங்கள் அந்நாள்களுக்கு உரியவை. நவம்பர் தொடக்கத்தில் திப்ரூகரின் உச்சிப்பொழுது 10.54 மணிக்கே வந்துவிடும். துவாரகையில் அது 12.38 ஆக இருக்கும். இரு ஊர்களும் ஒரே அளவு நகர்வதால் 104 நிமிட இடைவெளி மட்டும் மாறுவதில்லை.

நீங்களே கண்டறியலாம்

நிழல் மிகக் குறுகும் கணத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம். அவ்வேளையில் நிழலின் நீளம் மிக மெதுவாகவே மாறும். அதற்குப் பழமையான வழி ஒன்று உண்டு. சமதளத்தில் ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைய வேண்டும். காலையில் சுருங்கிவரும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் நேரத்தையும், பிற்பகலில் நீளும் நிழலின் நுனி மீண்டும் தொடும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள நேரமே உச்சிப்பொழுது. திப்ரூகரில் அந்நேரங்கள் 9.10, 1.10 எனக் கிடைத்தால், நடுநேரம் 11.10. கம்பு சாய்ந்திருந்தாலோ, தரை சரிவாக இருந்தாலோ கணக்கு பிசகும்.

கடிகாரத்தை மாற்றினால்?

இந்தியாவில் ஒரே நேரம் 1906 ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகியவை தத்தம் நேரத்தைப் பின்பற்றின. அசாம் தேயிலைத் தோட்டங்களோ இன்றும் நிலையான நேரத்தைவிட ஒரு மணி முன்னதாக ஓடும் ‘பாகான்’ நேரத்தில் இயங்குகின்றன. அந்தக் கடிகாரத்தின்படி திப்ரூகரின் உச்சிப்பொழுது 12.10 மணி. இது சென்னைவாசிகள் நாள்தோறும் காணும் நிலைதான்.

இதே ஒரு மணி நேர மாற்றத்தை வடகிழக்கு முழுவதற்கும் அளிக்கலாம் என்று தேசிய இயற்பியல் ஆய்வக அறிவியலாளர்கள் 2018-இல் முன்மொழிந்தனர். மேற்கு வங்கம், அசாம் எல்லையை ஒட்டிய குறுகிய பகுதியில் இரு மண்டலங்களையும் பிரிக்கலாம் என்பது அவர்களது யோசனை. அவ்வாறு செய்தால் டிசம்பரில் திப்ரூகரில் சூரியன் கடிகாரப்படி 5.20 மணியளவில் மறையும். அலுவலகங்களில் மாலை விளக்கெரியும் நேரம் குறையும். ஆனால் எல்லையைக் கடக்கும் ஒவ்வொரு ரயிலுக்கும் கடிகாரத்தை மாற்ற வேண்டும். அதில் நேரும் பிழை விபத்தில் முடியலாம் என்பது எதிர்ப்பாளர்களின் அச்சம். எந்த முடிவை எடுத்தாலும், ஒரு மண்டலத்திற்குள் ஒரு பாகைக்கு 4 நிமிட வேறுபாடு என்ற கணக்கு நீடிக்கும். மண்டலம் எவ்வளவு அகலமாக இருக்கலாம் என்பது மட்டுமே அரசின் கையில் உள்ளது.