வெந்நீரில் ஐஸ்: ஓர் எண்பது கலோரிக் கணக்கு

ஒரு பாத்திரத்தில் 300 கிராம் வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கிறது. வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ். அதில் 50 கிராம் ஐஸைப் போடுகிறோம். டிரேயில் உறையும் நடுத்தர அளவுக் கட்டிகள் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் முழுவதும் கரைந்தபின் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கும்?

தண்ணீர் 40, ஐஸ் 0, தண்ணீர்தான் ஆறு மடங்கு அதிகம். அதனால் 34, 35 டிகிரிக்கு வரும் என்று பலரும் சொல்வார்கள். கணக்கு தெரிந்தவர்கள் 12,000-ஐ 350-ஆல் வகுத்து 34.3 என்று துல்லியமாகவே சொல்லிவிடுவார்கள். உண்மையில் தெர்மாமீட்டர் காட்டப்போவது 23-ஐ ஒட்டிய எண். பதினோரு டிகிரி வித்தியாசம் என்பது கை நடுங்கியதால் வந்த அளவுப் பிழையாக இருக்க முடியாது. கணக்கில் ஒரு பெரிய செலவு எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை படித்தவர்களும் அந்தச் செலவைக் காணவில்லை. உருகும் நிலைக்கு வந்துவிட்ட ஐஸுக்கு இன்னும் கொஞ்சம் சூடு காட்டினால் போதும், எல்லாம் தண்ணீராகிவிடும் என்றுதான் நம்பினார்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பிளாக்குக்கு இது ஒத்துவரவில்லை. அவர் ஊரில் குளிர்காலம் முழுக்கப் பனி குவிந்து கிடக்கும். சிறிது வெப்பமே போதும் என்றால், வசந்தத்தில் வெயில் தலைகாட்டிய உடனே அத்தனை பனியும் ஒரேயடியாக உருகி, ஆறுகள் ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை, வெயில் அடித்தாலும் பனி வாரக்கணக்கில் மெல்லத்தான் கரைகிறது. அந்த வெப்பமெல்லாம் எங்கே போகிறது?

1760-களின் தொடக்கத்தில் பிளாக் செய்த சோதனை, நாம் மேலே போட்ட கணக்கின் மூலப்பிரதிதான். அன்றைய எடையளவில் 135 பங்கு வெந்நீரை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டார். அதன் வெப்பநிலை 190 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் அளவில் ஏறக்குறைய 88 டிகிரி. அதில் 119 பங்கு ஐஸைப் போட்டார். உருகுவதற்குத் தனியாக வெப்பம் தேவையில்லை என்றால் கலவை 48 டிகிரியில் நின்றிருக்க வேண்டும். நின்றது 12 டிகிரிக்கும் சற்றுக் கீழே. காணாமற்போன வெப்பம் முழுவதும் ஐஸைத் தண்ணீராக்குவதில் செலவாகியிருந்தது. உருகியபின் அந்தத் தண்ணீரைத் தொட்டால் சூடு தெரியாது, தெர்மாமீட்டரும் காட்டாது. அதனால்தான் அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர்.

அவர் விடை நம் அளவுக்கு மாற்றினால் ஒரு கிராம் ஐஸுக்குச் சுமார் 80 கலோரி. இன்றைய பாடப்புத்தகமும் அதைத்தான் சொல்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: கண்ணாடிப் பாத்திரமும் வெப்பம் தருமே என்று அதையும் கணக்கில் சேர்த்தவர், அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே பங்கு கொடுத்துவிட்டார். அதைத் திருத்திப் போட்டால் விடை 77 பக்கம் வருகிறது. ஒரு தராசும் ஒரு தெர்மாமீட்டரும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியதே பெரிய விஷயம்தான்.

இப்போது நம் பாத்திரத்துக்கு வருவோம். பள்ளியில் இழந்த வெப்பமும் ஏற்ற வெப்பமும் சமம் என்று சமன்பாடு எழுதச் சொல்வார்கள். அது சரியானதே. ஆனால் கடைக் கணக்குப் போல வரவு செலவு எழுதினால் எங்கே என்ன நடக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒரு கலோரி கிடைக்கும். 300 கிராம் தண்ணீர் 40-இலிருந்து 0 வரை இறங்குவதாக வைத்துக்கொண்டால் அதனிடம் உள்ள கையிருப்பு 12,000 கலோரி. முதல் செலவு ஐஸை உருக்குவது: 50 கிராமுக்கு எண்பது எண்பதாக 4,000 கலோரி. மிச்சம் 8,000. இப்போது பாத்திரத்தில் ஐஸ் இல்லை, 350 கிராம் தண்ணீர் இருக்கிறது. மிச்சத்தை அத்தனைக்கும் பங்கிட்டால் கிராமுக்கு 22.9 கலோரி. அதுதான் இறுதி வெப்பநிலை, 22.9 டிகிரி.

ஐஸுக்குப் பதிலாக அதே 50 கிராம் எடைக்கு 0 டிகிரித் தண்ணீரை ஊற்றியிருந்தால் வெப்பநிலை 40-இலிருந்து 34.3-க்கு வந்திருக்கும், ஆறு டிகிரிகூட இறங்கவில்லை. ஐஸ் போட்டதால் பதினேழு டிகிரி இறங்கியது. இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தவை, ஒரே எடை. குளிர வைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை உருகுதலே செய்துவிடுகிறது.

ஃப்ரீசரிலிருந்து வரும் ஐஸ் 0 டிகிரியில் இருக்காதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்த ஐஸ் முதலில் 0 வரை சூடாக வேண்டும். ஆனால் ஐஸைச் சூடாக்குவது தண்ணீரைச் சூடாக்குவதைவிட மலிவு; கிராமுக்கு, டிகிரிக்கு அரை கலோரிதான். 50 கிராமுக்கு 18 டிகிரி ஏற 450 கலோரி ஆகும். கையிருப்பில் இதையும் கழித்தால் இறுதி வெப்பநிலை 21.6. பதினெட்டு டிகிரிக் கூடுதல் குளிர் தந்தது வெறும் 1.3 டிகிரி இறக்கம். 450 எங்கே, 4,000 எங்கே!

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இனிமேல்தான். அதே தண்ணீரில் 50 கிராமுக்குப் பதில் 200 கிராம் ஐஸைப் போடுங்கள். அதே வழியில் கணக்கிட்டால் உருகும் செலவு 16,000 கலோரி, கையிருப்போ 12,000. கழித்து 500-ஆல் வகுத்தால் விடை மைனஸ் 8 டிகிரி! வெதுவெதுப்பான தண்ணீரில் 0 டிகிரி ஐஸைப் போட்டு அதைவிடக் குளிர்ந்த தண்ணீரைப் பெற முடியாது. எண்ணைக் கூட்டிக் கழித்ததில் தவறில்லை. ஐஸ் முழுவதும் உருகும் என்று முதலிலேயே முடிவு கட்டியதுதான் தவறு. கையிருப்பு தீர்ந்த இடத்தில் உருகுவதும் நின்றுவிடும். 12,000 கலோரியால் உருக்க முடிந்தது 150 கிராம் மட்டும். மீதி 50 கிராம் கட்டியாகவே மிதக்கும், தண்ணீர் 0 டிகிரியில் நிற்கும். இன்னும் ஒரு கிலோ ஐஸைக் கொட்டினாலும், அது 0 டிகிரி ஐஸாக இருக்கும்வரை, தெர்மாமீட்டர் அதற்குக் கீழே அசையாது.

ஆகவே கணக்கைத் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இருக்கிற வெப்பம் ஐஸ் முழுவதையும் உருக்கப் போதுமா? 0 டிகிரி ஐஸ் என்றால் தண்ணீரின் வெப்பநிலையை 80-ஆல் வகுத்தால் விடை கிடைத்துவிடும். 40 டிகிரித் தண்ணீர் தன் எடையில் பாதி ஐஸைத்தான் உருக்கும். 80 டிகிரி வெந்நீர் தன் எடைக்குச் சம எடை ஐஸை உருக்கிவிட்டு, தானும் 0 டிகிரிக்கு வந்து நிற்கும். விரல் வைக்க முடியாத வெந்நீர், அதே எடை ஐஸ். முடிவில் கையை விறைக்க வைக்கும் தண்ணீர்.

வீட்டிலோ பள்ளி ஆய்வுக்கூடத்திலோ இதைச் செய்து பார்த்தால் 22.9 அச்சு அசலாக வராது. பெரிய குற்றவாளி ஐஸின் மேல் ஒட்டியிருக்கும் ஈரம். தராசில் 50 கிராம் காட்டினாலும் அதில் 5 கிராம் ஏற்கனவே உருகிய தண்ணீராக இருந்தால், அந்த ஐந்து கிராமும் 80 கலோரியைக் கேட்காது. முடிவு 24 டிகிரியில் நிற்கும். இதை வைத்து உள்ளுறை வெப்பத்தைத் திருப்பிக் கணக்கிடுகிற மாணவருக்கு 80-க்குப் பதில் 72 வரும். அதனால்தான் உருகத் தொடங்கிய ஐஸை உறிஞ்சுதாளால் ஒற்றி எடுத்துவிட்டுப் போடச் சொல்கிறார்கள். நேரே ஃப்ரீசரிலிருந்து உலர்ந்த கட்டியைப் போட்டால் அது மைனஸில் இருக்கும். அதற்கான அரை கலோரிக் கணக்கைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

பாத்திரமும் சும்மா இருக்காது. 150 கிராம் எவர்சில்வர் டம்ளர் என்றால் அதுவும் 18 கிராம் தண்ணீருக்குச் சமமான வெப்பத்தை வைத்திருக்கும், முடிவு 23.7 ஆக உயரும். கலக்காமல் விட்டால் மேலே மிதக்கும் ஐஸிலிருந்து குளிர்ந்த நீர் கீழே இறங்கி, அடியில் ஓர் எண், மேலே ஓர் எண் என்று காட்டும். அறையின் காற்றும் கை வைக்கும்: தண்ணீர் அறையைவிடச் சூடாக இருக்கும்வரை வெப்பம் வெளியே போகும், குளிர்ந்தபின் உள்ளே வரும். ஆய்வுக்கூடத்தில் இதற்கு ஒரு நல்ல தந்திரம் உண்டு. அறை 30 டிகிரி என்றால் தண்ணீரை 37 அளவில் தொடங்கி, முடிவு 23-ஐ ஒட்டி வரும்படி ஐஸின் எடையைத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் பாதியில் போனதும் பின் பாதியில் வந்ததும் பெரும்பாலும் நேராகிவிடும்.

இந்த எண்பது கலோரியை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வேலை வாங்குகிறவர்களில் அணைக்கட்டுப் பொறியாளர்களும் உண்டு. பெரிய கான்கிரீட் மொத்தைகளுக்குள் சிமெண்ட் இறுகும்போது வெப்பம் கிளம்பி, உள்ளே சூடும் வெளியே குளிருமாகி வெடிப்பு விடும். அதனால் கலவையைத் தொடக்கத்திலேயே குளிர்ந்ததாகப் போட வேண்டும். கலக்கும் தண்ணீரை 30-இலிருந்து 5 டிகிரிக்குக் குளிர்வித்தால் கிலோவுக்கு 25 கிலோகலோரி ஆதாயம். அதே ஒரு கிலோவை 0 டிகிரி ஐஸாகப் போட்டால் உருகுவதற்கே 80, அதற்குமேல் 30 டிகிரியிலிருந்து 0 வரையிலான வித்தியாசம் 30, ஆக மொத்தம் 110. அதனால் தண்ணீரின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அதே எடைக்குச் சீவிய ஐஸைப் போடுகிறார்கள். பெரிய கட்டியாகப் போடுவதில்லை; மிக்ஸர் சுழன்று முடிவதற்குள் கடைசித் துணுக்கு வரை உருகியாக வேண்டும். உருகாமல் உள்ளே சிக்கிய துண்டு பிற்பாடு கரைந்து, இறுகிய கான்கிரீட்டுக்குள் தன் அளவுக்கு ஒரு பொந்தை விட்டுவிடும்.