பிரஸ் முன்னால் ஒரு பலகை

பவர் பிரஸ் ஓடும் பட்டறைகளில் இந்த மாதிரி ஒரு பலகை தொங்கும்: ‘இயந்திரம் இயக்கத்தில் உள்ளபோது பாதுகாப்புச் சாதனங்களை அகற்றுவதோ, அச்சுப் பகுதியினுள் கைகளைச் செலுத்துவதோ கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். – நிர்வாகம்.’

சொன்னதில் தப்பில்லை. ஆனால் டையில் ஜாப் சிக்கிக்கொண்டதும், பெடலில் காலும் தகட்டில் கண்ணுமாக உட்கார்ந்திருப்பவருக்கு அது உதவாது. செய்யச் சொல்கிறதா, தடுக்கிறதா என்பதே கடைசி வார்த்தையில்தான் தெரிகிறது. சிக்கியதை எப்படி எடுப்பது என்று எங்கேயும் இல்லை. வழி சொல்லாமல் தடை மட்டும் போட்டால் கை உள்ளே போகத்தான் செய்யும்.

பலகையைத் திருத்த உட்காரும் முன் மெஷினைப் பார்க்க வேண்டும். பழைய ரக மெக்கானிக்கல் பிரஸ்ஸில் மோட்டாரை நிறுத்திய பிறகும் கனமான ஃபிளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பெடலில் கால் பட்டால் கிளட்ச் பிடித்து, மேலே நிற்கும் ராம் முழு வேகத்தில் இறங்கும். அதனால் ‘சுவிட்சை அணை’ என்று மட்டும் எழுதுவது ஆபத்து. நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

ஜாப் சிக்கினால்
1. மோட்டாரை நிறுத்து
2. வீல் நிற்கட்டும்
3. கொக்கியால் எடு

மேலே, சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக்கோடு போட்ட கையின் படம். தடைக்கு உலகமெங்கும் வழங்கும் குறி அது. தமிழ் படிக்காத ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கும் தடை புரிந்துவிடும். ஆனால் எடுக்கும் முறையை அவர்கள் மொழியிலும் பக்கத்தில் எழுதியாக வேண்டும். ‘நிர்வாகம்’, ‘நடவடிக்கை’ எல்லாம் நோட்டீஸ் போர்டுக்குப் போகட்டும்.

எழுத்தின் அளவுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: நல்ல வெளிச்சத்தில் 3 மீட்டர் தூரத்துக்கு 1 செ.மீ. உயரம். அது ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துப் போட்ட கணக்கு. சுழியும் கொம்பும் உள்ள தமிழுக்கு, அதுவும் எண்ணெய்ப் புகை படியும் இடத்தில், அதைவிடப் பெரிதாகவே வேண்டும். பலகை முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்து பயனில்லை. டைக்கு நேர் மேலே, உட்கார்ந்தவர் கண்மட்டத்தில் இருக்க வேண்டும்.

பிறகு சோதனை. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘புரிஞ்சுது சார்’ என்றுதான் சொல்வார்கள். அந்த மெஷினில் வேலை பார்க்காத ஒருவரிடம் பலகையைச் சில நொடி காட்டி, மறைத்துவிட்டு, ‘இப்ப ஜாப் சிக்கிடுச்சு, என்ன செய்வீங்க?’ என்று கேட்க வேண்டும். ‘ஆஃப் பண்ணிட்டு எடுத்துடுவேன்’ என்றாரானால் இரண்டாவது வரி அவர் கண்ணில் விழவில்லை. குறை அவரிடம் இல்லை. அந்த வரியைப் பெரிதாக்கி, சுற்றும் சக்கரத்தின் படத்தைப் பக்கத்தில் போட்டு, இன்னொருவரிடம் காட்ட வேண்டும்.