கொழுப்புக் கட்டிதானா?

ஒன்பது வயது லாப்ரடார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலாவில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி, பின்னந்தொடையில் நெல்லிக்காய் அளவில் இன்னொன்று. இரண்டும் மெத்தென்று இருக்கின்றன, அமுக்கினால் வலி இல்லை. “வயசானா வர்ற கொழுப்புதானே டாக்டர்?” என்கிறார் வளர்ப்பவர். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொல்கிறார்: தொடைக் கட்டி சில நாள் வீங்குகிறது, சில நாள் வற்றிவிடுகிறது. கொழுப்பு அப்படி ஏறி இறங்காது. மாஸ்ட் செல் கட்டி அப்படிச் செய்யும். அந்தச் செல்களுக்குள் ஹிஸ்டமின் நிறைந்த துகள்கள் இருக்கின்றன. அவை வெளியேறும்போது சுற்றியுள்ள தோல் சிவந்து வீங்கும். நாய்களின் தோலில் அடிக்கடி வரும் புற்றுக்கட்டி இது. தடவிப் பார்த்தால் கொழுப்பு மாதிரியே இருக்கவும் கூடும். அதனால் ஒவ்வொரு கட்டியையும் தனித்தனியாகக் குத்திப் பார்க்க வேண்டும். ஒன்று கொழுப்பு என்பதால் மற்றதும் கொழுப்பாகிவிடாது.

இதற்கு மயக்க மருந்து பெரும்பாலும் தேவையில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் 22 அல்லது 23 கேஜ் ஊசி போதும். கட்டியை இரு விரல்களால் அசையாமல் பிடித்து, ஊசியைச் செலுத்தி, வெளியே எடுக்காமலே திசை மாற்றிச் சிலமுறை முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். சிரிஞ்சால் பலமாக உறிஞ்சினால் ரத்தம் கலந்துவிடும் என்பதால், முதலில் வெறும் ஊசியாலேயே எடுத்துப் பார்ப்பது நல்லது. ஊசித் துளைக்குள் ஏறிய செல்களை, காற்று நிரப்பிய சிரிஞ்சை மாட்டிக் கண்ணாடி ஸ்லைடில் ஊதிவிடுவார்கள். அதன்மேல் இன்னொரு ஸ்லைடை வைத்து மெதுவாக இழுத்துப் பரப்ப வேண்டும். பல மாதிரிகள் பாழாவது இந்த இடத்தில்தான். அழுத்தி இழுத்தால் செல்கள் நசுங்கி, உட்கருக்கள் ஊதா இழைகளாக நீண்டு கிடக்கும். அதை வைத்து எவரும் எதுவும் சொல்ல முடியாது.

விலாக் கட்டியின் ஸ்லைடு எண்ணெய் தடவியது போல மினுமினுக்கிறது. எவ்வளவு நேரம் வைத்தாலும் காயவில்லை. சாயமிடும்போது மெத்தனாலில் கொழுப்பு கரைந்துபோவதால் ஸ்லைடு கிட்டத்தட்டக் காலியாகவே தெரியலாம். தப்பிய செல்கள் பெரிய வெற்றுக் குமிழிகளாக, சிறு உட்கரு ஓரத்தில் ஒதுங்கிய நிலையில் இருக்கும். ஆனால் தோலடியில் இயல்பாக இருக்கும் கொழுப்பும் இதே தோற்றம்தான் தரும். ஊசி கட்டியைத் தவறவிட்டுப் பக்கத்துக் கொழுப்பில் இறங்கியிருந்தால் ஸ்லைடு அதைக் காட்டிக்கொடுக்காது. அதனால் சந்தேகம் இருந்தால் வேறு இடத்தில் மறுபடி குத்துவார்கள்.

தொடைக் கட்டியின் ஸ்லைடு சீக்கிரமே காய்ந்துவிடுகிறது. லீஷ்மன் சாயமிட்டுப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாத வட்டமான செல்கள், உள்ளே அடர்ந்த ஊதாத் துகள்கள், ஊடே ஈசினோபில் எனும் வெள்ளணுக்கள். சந்தேகத்துக்கு இடமில்லாத மாஸ்ட் செல் கட்டி. அவசரச் சாயங்களில் இந்தத் துகள்கள் சிலசமயம் நிறமேறாமல் போகும். அப்போது அதே கட்டி வெறும் வட்டச் செல்களாகத் தெரிந்து ஏமாற்றும்; லீஷ்மன் அல்லது ஜீம்சா சாயம் போட்டால் துகள் தெரிந்துவிடும்.

இதே இடத்தில் சீழ்க்கட்டி இருந்திருந்தால் ஸ்லைடு முழுக்க நியூட்ரோபில்கள் இருக்கும். அவற்றின் வயிற்றுக்குள் பாக்டீரியா தெரிந்தால் தொற்று உறுதி. வெளியே சிதறிக் கிடப்பவை தோலிலிருந்து ஒட்டியவையாகவும் இருக்கலாம். குழப்பம் வருவது இரண்டும் கலந்திருக்கும்போது. அழற்சி உள்ள தோலிலும் சில மாஸ்ட் செல்கள் உலாவும். புண்ணான புற்றுக்கட்டியிலும் நியூட்ரோபில்கள் குவியும். பார்வைக்கு ஒரு மாஸ்ட் செல் தட்டுப்பட்டதற்காகப் புற்று என்று சொல்லிவிடக் கூடாது. கூட்டமாக நிற்க வேண்டும்.

வட்டச் செல் கட்டிகள் எல்லாமே பயப்பட வேண்டியவை அல்ல. இளம் நாய்க்கு வரும் ஹிஸ்டியோசைட்டோமா பெரும்பாலும் சில வாரங்களில் தானே மறைந்துவிடும். நம் தெருநாய்களில் இனச்சேர்க்கையால் பரவும் கட்டியின் செல்களில் தெளிவான சிறு குமிழிகள் வரிசையாகத் தெரியும். அதற்கு அறுவையை விட வின்கிரிஸ்டின் ஊசி நன்றாக வேலை செய்கிறது.

லாப்ரடாரின் விலாக் கட்டியை அப்படியே விட்டு, வளர்கிறதா என்று அளந்து வந்தால் போதும். தொடைக் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் போதாது; சுற்றிலும் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும், அடியில் ஓர் உறைப் படலத்தையும் சேர்த்து வெட்ட வேண்டும். கொழுப்பு என்று நினைத்து வழித்தெடுத்திருந்தால் ஓரங்களில் புற்றுச் செல்கள் தங்கியிருக்கும். பக்கத்து நிணநீர் முடிச்சிலும் ஒரு குத்து தேவை. கட்டி எவ்வளவு கொடியது என்ற தரத்தை உறுதியாகச் சொல்வது வெட்டியெடுத்த திசுவின் பயாப்சிதான். அந்தத் திசு ஃபார்மலினில் போகும். ஊசி ஸ்லைடை அதே பையில் வைக்கக் கூடாது. ஃபார்மலின் ஆவி பட்டாலே செல்கள் சாயத்தை ஏற்காமல் கெட்டுவிடும்.