ட்ரே மேலே போய்க் கீழே வரும் வரை

காலை மணி 7.05. நட்சத்திர ஓட்டலின் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் தொலைபேசி அடிக்கிறது. திரையில் 614 என்ற எண்ணும் அறையில் தங்கியிருப்பவரின் பெயரும் தெரிகின்றன. மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். எடுப்பவருக்கு ‘ஆர்டர் டேக்கர்’ என்று பெயர். சில ஆண்டுகள் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். ரூம் சர்வீஸ் என்றாலே ட்ரே தூக்கிப் போகும் பையனைத்தான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே நடக்கும் சொதப்பல்களில் பாதிக்கு மேல் இந்தத் தொலைபேசியில்தான் தொடங்கும்.

614-க்கு வேண்டியது ஒரு பிளேட் இட்லி, ஒரு நெய் ரோஸ்ட், பில்டர் காபி. ஆர்டர் டேக்கர் முதலில் கேட்பது, “எத்தனை பேருக்கு சார்?” என்பது. இட்லியும் ரோஸ்ட்டும் ஒருவரே சாப்பிடலாம், இருவர் பகிர்ந்தும் சாப்பிடலாம். கேட்காமல் விட்டால் ஒரே ஒரு ஸ்பூனோடும் ஒரே கப்போடும் ட்ரே மேலே போகும். அப்புறம் இன்னொரு கப்புக்காக ஒரு ஆள் ஆறு மாடி ஏறி இறங்க வேண்டும். இரண்டு பேர் என்கிறார். காபிக்குச் சர்க்கரை தனியாகவா, சாம்பாரில் சேரக்கூடாத பொருள் ஏதாவது உண்டா என்பதையும் கேட்டுக்கொண்டு, ஆர்டர் முழுவதையும் திருப்பிச் சொல்கிறார். கடைசியாக நேரம்: “முப்பது நிமிஷம் ஆகும் சார்.” பத்து நிமிஷம் என்று சொன்னால் அப்போதைக்கு இனிக்கும், பதினோராவது நிமிஷம் போன் வரும். முப்பது என்று சொல்லி இருபத்தைந்தில் கொண்டுபோனால் யாரும் கோபப்படுவதில்லை.

அறை எண்ணைத் திரையே காட்டிவிடுகிறதே, அதில் என்ன தப்பு வந்துவிடும் என்று தோன்றலாம். விருந்தினர் சில நேரம் கைபேசியிலிருந்து வரவேற்பறைக்குப் பேசுவார். அங்கிருந்து இணைப்பை இங்கே மாற்றிவிடுவார்கள். அப்போது திரையில் தெரிவது வரவேற்பறையின் எண். அப்படி ஒரு ராத்திரி வந்த அழைப்பில் “த்ரீ பிஃப்டீன்” என்று சொன்னது என் காதில் “த்ரீ பிஃப்டி” என்று விழுந்தது. பதினொன்றரை மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தம்பதியின் கதவைத் தட்டி எங்கள் பையன் சிக்கன் பிரியாணியை நீட்டினான். பசியோடு காத்திருந்தவரிடமும் தூக்கம் கலைந்தவர்களிடமும் மேலாளர்தான் மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து அறை எண்ணை “த்ரீ, ஒன், ஃபைவ்” என்று ஒவ்வொரு இலக்கமாகத்தான் திருப்பிச் சொல்வேன். கூடவே பெயரையும் கேட்டுவிடுவேன்.

ஆர்டரைக் கணினியில் ஏற்றியதும் கே.ஓ.டி. எனப்படும் சமையலறைச் சீட்டு இரண்டு இடத்தில் அச்சாகிறது. இட்லியும் ரோஸ்ட்டும் தென்னிந்திய டிபன் பகுதிக்கு, காபி பேன்ட்ரிக்கு. சீட்டில் நேரம் 7.08. முன்பணம் கட்டாதவர், பணத்தைக் கையில்தான் கொடுப்பார் என்றால் அதையும் திரை காட்டும், பில்லோடு சில்லறையும் போக வேண்டும். பக்கத்தில் இருக்கும் நோட்டில் ஆர்டர் டேக்கர் ஒரு வரி எழுதுகிறார்: அறை எண், அழைத்த நேரம், சொன்ன நேரம். மீதிக் கட்டங்கள் இப்போதைக்குக் காலி.

சமையல் நடக்கும்போதே ட்ரே தயாராகிறது. வழுக்காத விரிப்பு, இரண்டு பேருக்கு நாப்கின், ஸ்பூன், முள்கரண்டி, கப். சாம்பார், சட்னிக் கிண்ணங்களின் வாய்க்கு மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்ற வேண்டும். லிப்ட் நிற்கும்போது வரும் ஒரு சின்னக் குலுக்கலே வெள்ளைத் துணியில் மஞ்சள் கறையாகிவிடும். காபிப் பாத்திரத்தின் மூக்கு ட்ரேயின் உள்பக்கம் பார்த்திருக்கும், தளும்பினாலும் தூக்குபவர் கையில் ஊற்றாது. கனமான பொருள் உடம்புப் பக்கம். ட்ரே இடது கையில், கதவைத் தட்ட வலது கை சும்மா இருக்க வேண்டும். நாலைந்து பேர் சாப்பாடு என்றால் ட்ரே போதாது, அடியில் சூடு பெட்டி வைத்த தள்ளுவண்டி போகும்.

இதில் கஷ்டமான பொருள் நெய் ரோஸ்ட்தான். இட்லி பத்து நிமிஷம் மூடியிருந்தாலும் கெடாது. ரோஸ்ட்டை மூடினால் அதன் ஆவியே மூடியின் உள்பக்கம் நீராகி மேலே சொட்டும், மொறுமொறுப்பு போய்த் தோல் மாதிரி ஆகிவிடும். உச்சியில் சின்ன ஓட்டை உள்ள மூடி கொஞ்சம் உதவும், முழுக்கக் காப்பாற்றாது. அதனால் அனுபவமுள்ள பையன் இட்லி, சாம்பார், சட்னி எல்லாம் ட்ரேயில் ஏறிய பிறகுதான் “614 ரோஸ்ட் போடுங்கண்ணா” என்று குரல் கொடுப்பான். காபியும் கடைசியில்தான். டிகாக்‌ஷன் ஒரு பாத்திரத்திலும் சூடான பால் ஒரு பிளாஸ்க்கிலும் தனித்தனியாகப் போகும். கலந்து அனுப்பினால் ஆறாவது மாடி சேரும்போது ஆடை படிந்துவிடும்.

7.24-க்கு ட்ரே கிளம்புகிறது. கிளம்பும் முன் சீட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகச் சரிபார்ப்பார் கேப்டன். அதன் பிறகு நம் கையில் இல்லாத ஒன்று இருக்கிறது, சர்வீஸ் லிப்ட். அழுக்குத் துணி வண்டியும் துப்புரவுச் சாமான்களும் அதே லிப்டில்தான் ஏறி இறங்கும். எட்டு மணிக்கு மேல் ஐந்து நிமிஷம் நிற்பது சாதாரணம். இன்று சீக்கிரமே வந்துவிட்டது. 7.28-க்கு 614-ன் வாசல்.

விரல் முட்டியால் மூன்று தட்டு, தெளிவான குரலில் “ரூம் சர்வீஸ்”. ‘தொந்தரவு செய்யாதீர்’ அட்டை தொங்கினால் தட்டக் கூடாது. கீழே சொன்னால் ஆர்டர் டேக்கர் அறைக்கு போன் போட்டுக் கேட்பார். கதவு திறந்ததும் பெயர் சொல்லி வணக்கம், உள்ளே வரலாமா என்று அனுமதி. ட்ரே கொண்டுபோனவர் உள்ளே இருக்கும் வரை கதவு திறந்தே இருக்க வேண்டும், அது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. “எங்கே வைக்கட்டும் சார்?” என்று கேட்டு வைத்து, மூடியைத் தூக்கி, தாளைப் பிரித்து, பால் சூடாக இருக்கிறது என்று சொல்லி, பில்லில் கையெழுத்து வாங்குகிறார். கையெழுத்தோடு பெயரும் வேண்டும். அறையைக் காலி செய்யும்போது “இது நான் சாப்பிடலையே” என்ற வாதம் வந்தால் அந்தத் தாள்தான் சாட்சி. கடைசியாக, ட்ரேயை எடுக்க எப்போது வரலாம் என்று கேட்க வேண்டும். அவசரத்தில் விட்டுப்போகும் கேள்வி இதுதான்.

கேட்காவிட்டால் விருந்தினர் ட்ரேயைத் தாழ்வாரத்தில் வைத்துவிடுவார். மிச்ச சாம்பாரோடு மூன்று மணி நேரம் கிடந்தால் எறும்பு வரும், வாடை வரும், அடுத்த அறைக்காரர் முகம் சுளித்தபடி தாண்டிப் போவார். இன்னொரு நஷ்டம் வெளியே தெரியாது. காலையில் மேலே போன மூடிகளும் பிளாஸ்க்குகளும் இறங்கி வராவிட்டால் ராத்திரி ஆர்டருக்கு மூடி இருக்காது. அப்போது யாராவது சாப்பாட்டை பிளாஸ்டிக் தாளால் போர்த்தி அனுப்பினால், காரணம் பெரும்பாலும் எட்டாவது மாடித் தாழ்வாரத்தில் கிடக்கும்.

ஆகவே முக்கால் மணி நேரம் கழித்து ஆர்டர் டேக்கர் 614-க்கு போன் போடுகிறார். சாப்பாடு எப்படி இருந்தது, ட்ரேயை எடுக்கலாமா? எடுக்கப் போகிறவர் ஸ்பூனையும் மூடியையும் சீட்டோடு ஒப்பிட்டு எண்ணுவார். நாப்கினை உதறாமல் விரித்துப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடி, கழற்றி வைத்த மோதிரம், ஒருமுறை ஒரு பெரியவரின் பல்செட் எல்லாம் நாப்கின் மடிப்பிலிருந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். துணி சலவைக்குப் போய்விட்டால் தேடுவது நடக்காத காரியம்.

8.25-க்கு ட்ரே பாத்திரம் கழுவும் இடத்தில் இறங்குகிறது. ஒரு ஸ்பூன் குறைகிறது, தயிருக்காக விருந்தினர் வைத்துக்கொண்டாராம், மதியம் எடுக்க வேண்டும். ஆர்டர் டேக்கர் 614-ன் வரியில் நேரத்தை எழுதி, ஓரத்தில் ‘ஸ்பூன் 1’ என்று குறித்துக்கொண்டு, அடிக்கும் போனை எடுக்கிறார்.