பத்தாவது ஆள் திருப்பிக் கொடுத்த துளி

கூரையில் தீ. பத்துப் பேர் வரிசையாக நின்று தண்ணீர் கடத்துகிறார்கள். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அவரவர் கையில் உள்ள தண்ணீர் முழுவதையும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பத்தாவது ஆள் தன்னிடம் வந்ததைக் கூரைமேல் வீசிவிடுவார். வெளியிலிருந்து புதுத் தண்ணீர் வராவிட்டால், பத்து மணிக்குள் எல்லார் கையும் காலி.

இந்த வரிசையை எண்களாக எழுதினால் பத்து நிரை, பத்து நிரல் கொண்ட ஓர் அணி கிடைக்கும். மூலைவிட்டத்துக்கு நேர் கீழே ஒன்பது 1-கள். மற்ற இடமெல்லாம் 0.

ஓர் அணிக்குச் சில தனித் திசைகள் உண்டு. அந்தத் திசையில் உள்ள எதையும் அணி வேறு பக்கம் திருப்பாது, ஏதோ ஒரு மடங்கு பெருக்கும் அல்லது சுருக்கும். அந்த மடங்குதான் ஐகன் மதிப்பு. அதன் அளவு ஒன்றைவிடக் குறைவாக இருந்தால், அணியைத் திரும்பத் திரும்பச் செலுத்தும்போது எல்லாம் தேய்ந்து மறையும். பாலத்தின் அதிர்வு அடங்குமா, மின்கட்டமைப்பு தடுமாறுமா என்று பொறியாளர்கள் பார்ப்பதும் இந்த வகை எண்களைத்தான். நம் வரிசையில் எல்லாம் காலியாகிவிடுவதால் பத்து ஐகன் மதிப்புகளும் சுழியம்.

இப்போது ஒரு சின்ன மாற்றம். பத்தாவது ஆள் எல்லாவற்றையும் வீசாமல், ஆயிரம் கோடியில் ஒரு பங்கை மட்டும் முதல் ஆளிடம் திருப்பிக் கொடுக்கிறார். அணியின் வலது மேல் மூலையில் 0 இருந்த இடத்தில் 0.0000000001 வந்து உட்காருகிறது. கண்ணுக்கே தெரியாத திருத்தம். ஐகன் மதிப்புகளும் அதே அளவுக்குத்தான் நகரும் என்று யாரும் நினைப்பார்கள்.

ஆனால் அவை 0.1 வரை நகர்கின்றன. திருத்தத்தைப் போல நூறு கோடி மடங்கு!

காரணத்தை விரல்விட்டே எண்ணலாம். வட்டம் இப்போது மூடிவிட்டது. ஒருவர் கையிலிருந்து கிளம்பிய தண்ணீர் பத்து மணிகள் கழித்து அவரிடமே வந்து சேர்கிறது, ஆயிரம் கோடியில் ஒரு பங்காக. பத்து அடிகளுக்கு மொத்தச் சுருக்கம் அவ்வளவு என்றால், ஓர் அடிக்கு எவ்வளவு? அதன் பத்தாம் படிமூலம், அதாவது 0.1. சுழியத்தில் குவிந்திருந்த பத்து மதிப்புகளும் கலப்பெண் தளத்தில் 0.1 ஆரமுள்ள வட்டத்தின்மேல் சம இடைவெளியில் போய் நின்றுகொள்கின்றன. இதன் விளைவைப் பாதியாக்கக்கூடத் திருத்தத்தை 1024 மடங்கு குறைக்க வேண்டும். வரிசையில் பதினாறு பேர் நின்றால் நிலைமை இன்னும் மோசம். கணினி வழக்கமாகப் பதினாறு இலக்கத் துல்லியத்தில் கணக்கிடுகிறது. அந்தக் கடைசி இலக்கத்தில் வரும் பிழையே மதிப்பை 0.1 தள்ளிவிடும்.

சமச்சீர் அணியில் இப்படி நடக்கவே நடக்காது. முதலாமவர் இரண்டாமவருக்கு எவ்வளவு கொடுக்கிறாரோ அவ்வளவையே இரண்டாமவரும் முதலாமவருக்குக் கொடுத்தால் அது சமச்சீர். ஜெர்மானியக் கணிதவியலாளர் ஹெர்மன் வைல் 1912-இல் காட்டியபடி, அத்தகைய அணியைச் சமச்சீர் குலையாமல் எவ்வளவு திருத்தினாலும், திருத்தத்தின் அளவைவிட அதிகமாக எந்த ஐகன் மதிப்பும் நகராது. போட்டதுக்கு மேல் வட்டி கிடையாது.

இந்த உறுதி எங்கிருந்து வருகிறது? தனித் திசைகளிலிருந்து. சமச்சீர் அணியின் தனித் திசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. மற்ற அணிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேல் நிரையில் 1, 1000; கீழ் நிரையில் 0, 2 என்று ஓர் அணியை எடுத்துக்கொள்ளலாம். ஐகன் மதிப்புகள் 1, 2. அவற்றின் திசைகள் (1, 0), (1000, 1). இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கிட்டத்தட்ட ஒரே கோடு.

கீழே உள்ள 0-வை -0.00025 என்று மாற்றினால், பெருக்கிப் பார்க்க வேண்டிய சமன்பாடு λ² - 3λ + 2.25 = 0 ஆகிறது. விடை 1.5, 1.5. இரண்டு தனி மதிப்புகள் மோதி ஒன்றாகிவிட்டன! இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் அவை மெய்யெண்களாகவே இருக்காது, கலப்பெண் இணையாகிவிடும். திசைகள் ஒட்டிக் கிடப்பதால், ஒரு சிறு தள்ளலை அவற்றின் கூட்டாக எழுத ஆயிரக்கணக்கான அலகுகள் முன்னும் பின்னும் தேவைப்படுகின்றன. பிழையும் அதே அளவில் பெருகுகிறது.

இதற்காகச் சமச்சீரின்மையையே குற்றவாளியாக்கிவிடக் கூடாது. நம் பத்தாவது ஆள் தண்ணீர் முழுவதையும் திருப்பிக் கொடுத்தால் அணி சமச்சீராகாது, ஆனால் அதன் திசைகள் செங்குத்தாகிவிடும். அப்போது ஆயிரம் கோடியில் ஒரு பங்கு மாற்றினால் மதிப்பு அதிலும் பத்தில் ஒரு பங்குதான் அசையும். திசைகள் ஒட்டிக் கிடப்பதுதான் நோய்.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடலாம். பத்தாமவர் ஒரு துளி திருப்பிக் கொடுத்ததால் தீயணைப்பில் என்ன மாறிவிட்டது? நியாயமான கேள்வி. முதல் பத்து மணிகளுக்கு எதுவுமே மாறவில்லை. ஐகன் மதிப்பு நெடுந்தூரத்துக்கு அப்பால் என்ன நடக்கும் என்றுதான் சொல்கிறது. இத்தகைய அணிகளில் நாளைக்கு என்ன ஆகும் என்று அதைக் கேட்பது வீண்.

அப்படிக் கேட்டு ஏமாந்த துறை ஒன்று உண்டு: திரவ இயக்கவியல். இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஓடும் நீர் எப்போது சீர்குலைந்து சுழிக்கும்? வேகம், இடைவெளி, பிசுக்குத்தன்மை மூன்றையும் சேர்த்த ரெனால்ட்ஸ் எண் 5772-ஐத் தாண்டினால்தான் என்று ஐகன் மதிப்புகள் சொல்கின்றன. 1971-இல் ஸ்டீவன் ஓர்ஸாக் கணினியில் துல்லியமாகக் கண்ட எண் இது. ஆய்வுக்கூடத்திலோ நீர் 1000-ஐ ஒட்டியே சுழிக்கத் தொடங்கிவிடுகிறது. 1993-இல் ‘சயின்ஸ்’ இதழில் டிரெஃபெதனும் மூன்று சகாக்களும் இந்த முரணுக்கு விளக்கம் எழுதினார்கள். இங்கே அணி சமச்சீரற்றது, திசைகள் ஒட்டிக் கிடப்பவை. சிறு கலக்கம் கடைசியில் அடங்கத்தான் செய்யும். ஆனால் அடங்குவதற்கு முன் அதன் ஆற்றல், ரெனால்ட்ஸ் எண் 1000-இல் சுமார் 200 மடங்கும், 5000-இல் சுமார் 4900 மடங்கும் ஏற முடியும். அந்த ஏற்றத்திலேயே, நேரியல் கணக்கில் விட்டுப்போன விளைவுகள் நுழைந்து நீரைக் குலைத்துவிடும்.

நம் கையிலுள்ள அணி எந்த ரகம் என்று அறிவது கடினமில்லை. அதன் எண்களில் எவ்வளவு பிழை இருக்கக்கூடுமோ அந்த அளவுக்குத் தற்போக்காகச் சில நூறு முறை கலைத்து, ஒவ்வொரு முறையும் ஐகன் மதிப்புகளைப் புள்ளிகளாக வரைய வேண்டும். உறுதியான அணியில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நொய்ந்த அணியில் மேகமாகச் சிதறும். மேகத்தில் ஏதேனும் ஒரு புள்ளியின் அளவு ஒன்றைத் தொட்டுவிட்டால், தனி மதிப்பைக் காட்டி ‘நிலையானது’ என்று சான்று தரக் கூடாது.

பைத்தான் உள்ள கணினியில் பத்துப் பேர் வரிசையை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம்:

```
import numpy as np
A = np.diag(np.ones(9), -1)
A[0, 9] = 1e-10
print(abs(np.linalg.eigvals(A)))
```

பத்து முறை 0.1 வரும். 1e-10 என்பதை 1e-20 என்று மாற்றிப் பாருங்கள், அப்போதும் 0.01 மிச்சமிருக்கும்.