அரபு எழுத்தைத் தொடங்குவோர்க்கு வலமிருந்து இடமாக வாசித்தலும் இணைவு வடிவங்களும்

ஆய்வுச்சுருக்கம்

அரபுத்தமிழ் நூல்களை மூலவடிவில் அணுக விரும்பும் தமிழ் ஆய்வாளர் முதலில் கடக்க வேண்டியது அரபு எழுத்துமுறையை. எழுத்து ஓடும் திசை, சொல்லுக்குள் எழுத்துகள் இணைந்து வடிவம் மாறும் முறை ஆகிய இரண்டையும் ஒரே சிக்கலின் இரு பக்கங்களாகக் கொண்டு, சில சொற்களைப் பிரித்துக் காட்டி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரபு எழுத்து, அரபுத்தமிழ், இணைவு வடிவம், புள்ளி, வாசிப்புத் திசை.

முன்னுரை

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அரபு எழுத்தில் தமிழை எழுதிய நூல்களை இன்று ஆராய முற்படுவோர் பெரும்பாலும் தமிழ் எழுத்துப் பெயர்ப்பையே நம்பியிருக்கின்றனர். பெயர்ப்பில் ஓர் ஐயம் எழும்போது மூலத்தைத் திறந்து அந்த ஒரு சொல்லையாவது சரிபார்க்க இயலாமை ஆய்வுக்குப் பெருங்குறை. அரபு மொழியைக் கற்பது நீண்ட பணி. அரபு எழுத்தை அடையாளம் காணக் கற்பது அத்துணை நீண்டதன்று. எனினும் தொடக்கத்திலேயே பலர் நின்றுவிடுகின்றனர். இருபத்தெட்டு எழுத்துகளையும் அட்டவணையில் பார்த்து மனனம் செய்தவர் அச்சிட்ட பக்கத்தைத் திறந்தால் அவற்றுள் பாதியைக்கூட அதில் காண்பதில்லை. காரணம் எளிது. அட்டவணை காட்டுவது எழுத்தின் தனித்த வடிவத்தை. பக்கத்தில் இருப்பதோ இணைந்த வடிவம்.

திசையும் கண்ணின் பழக்கமும்

வலமிருந்து இடமாகப் படிப்பது தொடங்குவோர் அஞ்சுமளவிற்குக் கடினமன்று. வரியின் தொடக்கம் வலப்பக்கம், நூலின் தொடக்கம் நமக்குப் பின்னட்டை என்பவற்றைக் கண் சில நாள்களில் ஏற்றுக்கொள்கிறது. உண்மையில் தமிழ் படிப்பவர்க்கு இதில் ஒரு முன்பயிற்சியும் உண்டு. ‘கே’ என்று எழுதுகையில் பின்னர் ஒலிக்கும் ஏகாரத்தின் குறி மெய்க்கு இடப்பக்கத்தில் முன்னதாக நிற்கிறது. ‘கோ’ என்பதில் உயிர்க்குறி மெய்யை இருபுறமும் சூழ்கிறது. எழுத்து நிற்கும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் வேறாகலாம் என்பதை நாம் அறியாமலே அறிந்திருக்கிறோம்.

இடர் வேறோர் இடத்தில் உள்ளது. வரியை வலமிருந்து தொடங்கும் கண், இணைந்து நிற்கும் ஒரு சிறு எழுத்துத் தொகுதியை அடைந்ததும் அதனை ஒரே படமாகக் கொண்டு பழைய வழக்கப்படி இடமிருந்து வருட முற்படுகிறது. வரியளவில் திசை சரியாக இருக்கும். சொல்லுக்குள் திசை புரண்டுவிடும். இதன் விளைவைப் பின்னர் ஓர் எடுத்துக்காட்டில் காணலாம்.

எண்களைப் பற்றி ஒரு சொல். அரபு வரிக்குள் வரும் எண்ணுருக்கள் நம் வழக்கம் போலவே உயர்ந்த இலக்கம் இடப்பக்கத்தில் நிற்கும்படி எழுதப்படுகின்றன. ஆகவே ஆண்டைக் குறிக்கும் எண்ணைத் திருப்பிப் படிக்க வேண்டியதில்லை. நூலின் பதிப்பாண்டைக் குறிக்கும்போது இது நினைவில் இருத்தல் நன்று.

தலையும் வாலும்

ஒவ்வோர் எழுத்துக்கும் தனி, முதல், இடை, கடை என நான்கு வடிவங்கள் உண்டு எனப் பாடநூல்கள் கூறும். இதைக் கேட்டதும் நூற்றுப் பன்னிரண்டு வடிவங்களை மனனம் செய்ய வேண்டும் எனத் தோன்றும். இவ்வாறு கற்பிப்பது தேவையற்ற சுமை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வடிவங்கள் நான்கல்ல, எழுத்து ஒன்றே. பெரும்பாலான எழுத்துகளில் அடையாளத்தைத் தாங்கும் ‘தலை’யும், சொல் முடிவில் மட்டும் விரியும் ‘வால்’உம் உள்ளன. அடுத்த எழுத்தோடு இணையும்போது வால் உதிர்கிறது, தலை நிற்கிறது.

‘பா’ என்னும் எழுத்து தனித்து நிற்கையில் ஒரு தோணி போன்றது. அதன் கீழே ஒரு புள்ளி. அடுத்த எழுத்தோடு இணைந்தால் தோணியின் நீண்ட உடல் மறைந்து, அடிக்கோட்டிலிருந்து எழும் ஒரு சிறு பல் மட்டும் எஞ்சும். புள்ளி அந்தப் பல்லின் கீழே வரும். ‘ஜீம்’ தன் பெரிய வளைந்த வயிற்றை இழந்து கூர்ந்த தலையை மட்டும் வைத்துக்கொள்கிறது. ‘ஸீன்’ தன் மூன்று பற்களைக் காத்து, கிண்ணம் போன்ற முடிவை விடுகிறது. இந்த விதிக்கு அடங்காதவை சிலவே: இடையில் மூடிய சிறு கண்ணியாக மாறும் ‘ஐன்’, இடத்திற்கேற்ப முற்றிலும் உருமாறும் மெல்லிய ‘ஹா’ ஆகியன குறிப்பிடத்தக்கவை. இவற்றைத் தனியே பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இடப்பக்கம் கைகொடாத ஆறு எழுத்துகள்

அலிஃப், தால், அதன்மேல் ஒரு புள்ளி பெற்ற ஃதால், ரா, அதன்மேல் ஒரு புள்ளி பெற்ற ஸாய், வாவ் ஆகிய ஆறும் தமக்கு முன்வந்த எழுத்தோடு, அதாவது வலப்பக்கத்தில், இணையும்; தமக்குப் பின்வரும் எழுத்தோடு இணையா. இவற்றுக்கு உண்மையில் இரண்டு வடிவங்களே. இவை வரும் இடத்தில் சொல்லுக்குள் ஒரு சிறு வெளி தோன்றுகிறது. அடுத்த எழுத்து புதிதாகத் தொடங்குவது போல முதல் வடிவத்தையோ தனி வடிவத்தையோ பெறும்.

‘அல்-கிதாப்’ (அந்த நூல்) என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வலக்கோடியில் ஒரு நேர்கோடு தனியே நிற்கும்; அது அலிஃப். இணையாத எழுத்தாதலால் அதன் பின் வெளி. அடுத்து இன்னொரு நேர்கோடு. ஆனால் இதன் அடி இடப்பக்கம் நீண்டு அடுத்த எழுத்தைத் தொடுகிறது. ஆகவே இது லாம். தொடர்ந்து காஃப், அதன்பின் மேலே இரு புள்ளிகளுடன் ஒரு பல், இது தா. பின்னர் அடிக்கோட்டிலிருந்து எழும் ஒரு நேர்கோடு அங்கேயே நின்றுவிடுகிறது. இது மீண்டும் அலிஃப். அதன்பின் வெளி, இறுதியில் முழுத் தோணியாகத் தனித்து நிற்கும் பா. ஆறு எழுத்துகள், மூன்று துண்டுகள், ஒரு சொல். அலிஃபையும் லாமையும் வேறுபடுத்துவது உயரமன்று, அடி இடப்பக்கம் தொடர்கிறதா இல்லையா என்பதே. இவ்விரண்டையும் மாற்றிப் படிப்பது தொடக்கநிலையில் மிகப் பரவலான பிழை.

அமைச்சகத்தைக் குறிக்கும் ‘விஸாரா’ என்னும் சொல் இன்னும் வியப்பானது. வாவ், ஸாய், அலிஃப், ரா ஆகிய நான்கும் இணையாதவை. ஐந்தாவதாகிய வட்டத் தா தனக்கு முன்நிற்பது ரா ஆதலால் தனித்தே நிற்கிறது. ஐந்து எழுத்தும் ஒன்றையொன்று தொடுவதில்லை. புதியவர் இதனை ஐந்து சொற்களோ என மயங்குவார்.

இம்மயக்கம் கையெழுத்துப் படிகளில் கூடுதலாகிறது. ஏனெனில் பல படிகளில் சொல்லுக்குள் உள்ள வெளியும் சொற்களுக்கு இடையிலுள்ள வெளியும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். அப்போது உதவும் சோதனை ஒன்று உண்டு. வெளிக்கு முன் நிற்கும் எழுத்தைப் பார்க்க வேண்டும். அது அந்த ஆறில் ஒன்றல்ல எனில், வால் விரிந்து நிற்குமாயின், அது சொல்லின் முடிவு, ஐயமில்லை. ஆறில் ஒன்று எனில் இரண்டுக்கும் இடமுண்டு. பொருளையும் சொல்லமைப்பையும் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அரபுத்தமிழ்ப் படிகளைத் தமிழில் பெயர்த்தெழுதுவோர் சொற்பிரிப்பில் தவறுவது இத்தகைய இடங்களில் நிகழக்கூடும்.

பல்லும் புள்ளியும்

இணைந்த நிலையில் பா, தா, ஸா, நூன், யா ஆகிய ஐந்தும் ஒரே பல்லாகிவிடுகின்றன. வேறுபடுத்துவன புள்ளிகள் மட்டுமே: பாவுக்குக் கீழே ஒன்று, யாவுக்குக் கீழே இரண்டு, நூனுக்கு மேலே ஒன்று, தாவுக்கு மேலே இரண்டு, ஸாவுக்கு மேலே மூன்று.

தமிழ் முஸ்லிம்களிடையே ‘பைத்து’ என வழங்கும் சொல்லின் மூலமாகிய ‘பைத்’ அரபியில் வீட்டையும் செய்யுள் வரியையும் குறிக்கும். அதன் உருவம்: இரண்டு பற்கள், பின் ஒரு தோணி. புள்ளிகள் வலமிருந்து கீழே ஒன்று, கீழே இரண்டு, மேலே இரண்டு. மகளைக் குறிக்கும் ‘பின்த்’ என்னும் சொல்லுக்கும் அதே இரண்டு பற்கள், அதே தோணி. புள்ளிகள் கீழே ஒன்று, மேலே ஒன்று, மேலே இரண்டு. தாவரத்தைக் குறிக்கும் ‘நப்த்’ என்னும் சொல்லுக்கும் உடல் அதுவே. புள்ளிகள் மேலே ஒன்று, கீழே ஒன்று, மேலே இரண்டு.

முன்னர்க் கூறிய திசைப் புரள்வு இங்கே வெளிப்படுகிறது. இரு பற்களின் புள்ளிகளை இடமிருந்து எண்ணுபவர் ‘பின்த்’ என்பதை ‘நப்த்’ எனப் படிப்பார், மகள் செடியாகிவிடுவாள். விரைந்தெழுதிய படிகளில் புள்ளி தன் பல்லுக்கு நேரே நில்லாது சற்று விலகியும் நிற்கும். அத்தகைய இடங்களில் எந்தப் புள்ளி எந்தப் பல்லுக்கு நேராக உள்ளது எனத் தேடுவதைவிட, மேலும் கீழுமாக வரும் புள்ளிகளை வலமிருந்து வரிசையாகக் கொண்டு பற்களுக்குப் பகிர்ந்தளிப்பதே பயன்தரும். எழுதும்போதும் இணைந்த பகுதியின் உடல் முழுவதையும் கையெடுக்காமல் எழுதிவிட்டுப் பின்னரே புள்ளிகளை இடுவது வழக்கம். தொடங்குவோர் பல்லுக்குப் பல் நிறுத்திப் புள்ளியிட்டால் கோடு முறியும். எழுத்தின் ஓட்டமும் கண்ணுக்குப் பிடிபடாது.

தமிழர்க்கு இங்கே ஒரு சொல்மயக்கமும் உண்டு. நமது புள்ளி மெய்யிலிருந்து உயிரை நீக்குவது. அரபுப் புள்ளி அத்தொழிலைச் செய்வதில்லை. அது எழுத்து எதுவெனக் காட்டும் உறுப்பு. நமது புள்ளியின் தொழிலை அங்கே செய்வது ‘ஸுகூன்’ எனப்படும் சிறு வட்டம். ஆயினும் வரலாற்றில் ஓர் ஒப்புமை உள்ளது. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமலே எழுதிச் சென்றது போல், பழைய அரபு எழுத்திலும் புள்ளிகள் அருகியே வந்தன. ஹிஜ்ரி 22ஆம் ஆண்டைச் (கி.பி. 643) சேர்ந்த எகிப்தியப் பாபிரசு ஆவணம் ஒன்றில் சில எழுத்துகளுக்கு மட்டும் புள்ளிகள் காணப்படுகின்றன. புள்ளியில்லாச் சுவடியைப் படித்துப் பழகிய தமிழ் ஆய்வாளர்க்கு, சூழல் கொண்டு எழுத்தைத் தெளியும் முறை புதிதன்று.

அகரம், இகரம், உகரம் ஆகியவற்றைக் காட்டும் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா ஆகிய குறிகள் அன்றாட அரபு அச்சில் பெரும்பாலும் விடப்படுகின்றன. அரபுத்தமிழில் நிலை வேறு. தமிழ்ச் சொல்லை உயிர்க்குறியின்றி ஊகிக்க இயலாதாதலால் அவை பெரும்பாலும் இடப்படுகின்றன; எகர ஒகரங்களுக்கும் தனிக் குறியீடு தேவைப்பட்டது. தமிழுக்கே உரிய மெய்களுக்கு, இருக்கும் உடல்களின்மேல் கூடுதல் புள்ளிகள் இடப்பட்டன. எனவே மேற்கூறிய ‘உடல் ஒன்று, புள்ளி வேறு’ என்னும் பார்வை பெற்றவர்க்கு அரபுத்தமிழின் புதிய எழுத்துகள் புதியனவாகத் தோன்றா.

கணினியில் நேரும் ஒரு பிழை

ஆய்வேட்டில் அரபு மேற்கோளை ஒட்டும்போது சில மென்பொருள்கள் எழுத்துகளை இணைக்காமல் தனித்தனியாகவும் இடமிருந்து வலமாகவும் அடுக்கிவிடுகின்றன. ‘கிதாப்’ என்பதன் நான்கு எழுத்துகளும் தனி வடிவில், வலக்கோடியில் பா நிற்குமாறு வந்துவிடும். எழுத்துகள் ஒலிக்கும் வரிசையிலேயே கோப்பில் சேமிக்கப்படுகின்றன. இணைத்துக் காட்டுவதும் திசை மாற்றுவதும் எழுத்துருவும் மென்பொருளும் செய்யும் பணி. அது நடைபெறாதபோது எழுத்துக்கோவை கெடுவதில்லை, தோற்றமே கெடுகிறது. ஆகவே எழுத்துகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றித் திருத்த முற்பட்டால் சரியாக இருந்த கோவையும் கெடும். இதனைக் கண்டறிய மொழியறிவுகூட வேண்டியதில்லை. ஒரு முழு வரியில் எந்த எழுத்தும் அடுத்ததைத் தொடவில்லை எனில், அது ‘விஸாரா’ போன்ற அரிய சொற்களின் தற்செயல் அணிவகுப்பாக இருக்க வழியில்லை. அச்சுக்கு அனுப்புமுன் வேறு மென்பொருளில் திறந்து பார்த்தல் வேண்டும்.